48 பேர், ஒரே நாள்: நாடக ஆடிஷனுக்கு நேரம் பிரிப்பது

"எங்கள் குழு ஒரு மேடை நாடகம் போடுகிறது. மொத்தம் 8 பாத்திரங்கள், இதுவரை 48 பேர் பதிவு செய்திருக்கிறார்கள். அரங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் கிடைத்திருக்கிறது, காலை 9:30 முதல் மாலை 5:30 வரை. போன முறை ஆளுக்கு 5 நிமிடம் என்று போட்டோம், மதியம் 1 மணிக்கே ஒரு மணி நேரம் பின்தங்கிவிட்டோம். வெளியே காத்திருந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். ஒருவருக்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும்? பிடித்தவர்களை மறுபடி அழைத்துப் பார்க்கும் கால்பேக்கை அன்றைக்கே வைக்கலாமா? யாரை எந்த வரிசையில் உள்ளே விடுவது?"

48 பேரை ஒரே நாளில் தாராளமாகப் பார்த்துவிடலாம். ஆளுக்கு 6 நிமிடம் என்று அட்டவணை போடுங்கள். நான்கு பேருக்கு ஒரு முறை 6 நிமிடத்தை யாருக்கும் கொடுக்காமல் காலியாக விடுங்கள். கால்பேக்கை அன்றைக்கு வைக்க வேண்டாம். இந்த மூன்றையும் ஏன் சொல்கிறேன் என்பதற்கு, போன முறை உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

2 நிமிட வசனம் பேசச் சொல்லி, பேச்சுக்கு 3 நிமிடம் சேர்த்து 5 நிமிடம் என்று வைத்திருப்பீர்கள். ஆனால் ஒருவர் உள்ளே வருவதிலிருந்து அடுத்தவர் உள்ளே வருவது வரை ஆகும் நேரம்தான் உண்மையான நேரம். அதற்கு 7 நிமிடம் ஆகியிருக்கும். 9:30 முதல் 1 மணி வரை 210 நிமிடம். ஆளுக்கு 7 நிமிடம் என்றால் 30 பேர் முடிந்திருப்பார்கள். 31-ஆவது ஆளுக்கு நீங்கள் கொடுத்திருந்த நேரம் 12 மணி. அவரை 1 மணிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆளுக்கு 2 நிமிடம் கசிந்தது, 30 பேரில் ஒரு மணி நேரமாகிவிட்டது. யாரோ ஒருவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டதால் வந்த தாமதம் இல்லை இது. எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது, அதனால்தான் அந்தச் சமயத்தில் யார் கண்ணிலும் படவில்லை.

கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்றும் நம்ப முடியாது. ஒருவர் 8 நிமிடம் எடுத்தால் அடுத்தவர் கட்டாயம் தாமதமாகிறார். ஒருவர் 4 நிமிடத்தில் முடித்தால் அந்த 2 நிமிடம் கைக்கு வருமா? அடுத்தவர் கதவருகே தயாராக இருந்தால்தான் வரும். அவர் முகம் கழுவப் போயிருந்தால் அந்த மிச்சம் போய்விட்டது.

சரி, அந்த 6 நிமிடம் எப்படி வருகிறது? ஒருவர் கதவைத் திறந்து, நடந்து வந்து, பெயர் சொல்லி, எந்தப் பகுதியைப் பேசப் போகிறார் என்று சொல்ல 40 விநாடி. வசனம் 2 நிமிடம். அப்புறம் இயக்குநர் ஒரே ஒரு மாற்றம் சொல்லி அதில் ஒரு பகுதியை மறுபடி செய்யச் சொல்ல ஒன்றரை நிமிடம். நன்றி சொல்லி வெளியேற 20 விநாடி. தேர்வுக்குழு குறிப்பு எழுத 1 நிமிடம். கூட்டினால் ஐந்தரை நிமிடம். மிச்ச அரை நிமிடம் மூச்சு விட. உங்கள் அரங்கில் கதவிலிருந்து மேடைக்கு நீளமாக நடக்க வேண்டியிருந்தால் இந்தக் கணக்கு மாறும். முந்தைய நாள் குழுவிலிருந்து இருவரை நடிக்க வைத்து, கதவு திறப்பதிலிருந்து அடுத்த கதவு திறப்பு வரை கைபேசியில் அளந்து பாருங்கள். பத்து நிமிட வேலை, மறுநாள் முழுவதும் கைகொடுக்கும்.

அந்த ஒன்றரை நிமிட மாற்றத்தை மட்டும் நேரம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். வீட்டில் பல முறை பேசிப் பழகிய வசனத்தை எல்லோரும் ஒரு தரத்துக்குச் செய்துவிடுவார்கள். "இதையே கோபமில்லாமல், பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதுபோல் சொல்லுங்கள்" என்றால் அப்போதுதான் தெரியும், சொன்னதைக் கேட்டு உடனே தன்னை மாற்றிக்கொள்ளும் ஆளா, வீட்டில் செய்ததையே குரலைத் தாழ்த்திச் செய்யும் ஆளா என்று. வாரக்கணக்கில் ஒத்திகையில் நீங்கள் உழைக்கப்போவது இந்தக் குணத்தோடுதான். நேரம் குறைக்கத்தான் வேண்டும் என்றால் வசனத்தை ஒன்றரை நிமிடமாக்குங்கள், மாற்றம் சொல்வதை விட்டுவிடாதீர்கள்.

நேரம் கசிவது பெரும்பாலும் இரண்டு வகை ஆட்களிடம். மிகவும் பிடித்துப்போனவர்களிடம் ஆசையில் பேச்சு நீளும்: இன்னொரு பகுதி செய்யச் சொல்வோம், முன்பு என்ன நடித்தீர்கள் என்று விசாரிப்போம். சரிவரவில்லை என்று தெரிந்துவிட்டவர்களிடம் மனம் நோகக்கூடாதே என்று பேச்சு நீளும். முதல் சுற்றில் தேர்வுக்குழு முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: இவரை மறுபடி பார்க்க வேண்டுமா? "ஆம்" என்று தெரிந்த நொடியில் அவரைப் பற்றிய வேலை முடிந்தது. மற்றதெல்லாம் கால்பேக்கில் கேட்டுக்கொள்ளலாம். இதைக் காலையில் தொடங்கும் முன் குழுவில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. கடிகாரம் பார்க்கும் பொறுப்பை இயக்குநரிடம் கொடுக்காதீர்கள். அவர் நடிப்பைப் பார்க்கட்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நான்காவது நிமிடத்தில் மேசையை மெல்லத் தட்டினால் போதும்.

இப்போது அட்டவணை. அரை மணிக்கு ஒரு அணி, அணிக்கு 4 பேர். 10 மணி அணி என்றால் 10:00, 10:06, 10:12, 10:18. 10:24 முதல் 10:30 வரை யார் பெயரும் இல்லை. 10:30-க்கு அடுத்த அணி. இப்படி 9:30 முதல் 12:30 வரை 6 அணி, 24 பேர். 45 நிமிடம் இடைவேளை. 1:15 முதல் 4:15 வரை இன்னொரு 24 பேர். அதற்குப் பிறகு தேர்வுக்குழு உட்கார்ந்து பேச ஒன்றே கால் மணி நேரம் இருக்கிறது. காலி நேரத்தையெல்லாம் சேர்த்து நாளின் கடைசியில் வைக்காமல் அரை மணிக்கு ஒரு முறை வைப்பதற்குக் காரணம் உண்டு. கடைசியில் வைத்தால் மாலை வரை தாமதம் ஏறிக்கொண்டே போய், அதன் சுமை முழுவதும் மதியத்துக்கு மேல் வருபவர்கள் தலையில் விழும். அரை மணிக்கு ஒரு முறை வைத்தால் தாமதம் அந்த அணியோடு தீரும், அடுத்த அணி புதிதாகத் தொடங்கும். அந்த 6 நிமிடம் காலியாக இருக்கிறதே என்று பதிவில் விடுபட்ட யாரையாவது செருகச் சொல்லி வற்புறுத்தல் வரும். இடம் கொடுத்தால் போன முறை நடந்ததுதான் மறுபடி நடக்கும்.

அட்டவணைத் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் வையுங்கள்: கொடுத்த நேரம், உண்மையில் உள்ளே போன நேரம். கதவருகே இருப்பவர் இரண்டாவது கட்டத்தை எழுதிக்கொண்டே வர வேண்டும். அணியின் நான்காவது ஆள் உள்ளே போகும்போது வித்தியாசம் 6 நிமிடத்துக்குள் இருந்தால் கவலை இல்லை, காலி நேரம் விழுங்கிவிடும். அதைத் தாண்டினால் ஒரு சீட்டில் "8 நிமிடம் தாமதம்" என்று எழுதித் தேர்வுக்குழுவின் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு அணி தாண்டிவிட்டால், அன்று பேச்சு நீள்கிறது என்று பொருள். அப்போது இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பாத மதிய அணிகளுக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள், இடைவேளையில் 15 நிமிடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வருபவரின் நேரத்தில் கை வைக்க வேண்டாம். காலையில் வந்தவருக்கு 6 நிமிடம், மாலையில் வந்தவருக்கு 4 நிமிடம் என்று ஆனால் இரண்டு பேரையும் ஒப்பிடவே முடியாது.

காத்திருக்கும் அறை இதே அட்டவணையின் மறுபக்கம். 10 மணி அணியை 9:40-க்கு வரச் சொல்லுங்கள். அதில் கடைசி ஆள் 10:18-க்கு உள்ளே போவார், 38 நிமிடம் காத்திருப்பார். அதுதான் யாருக்கும் அதிகபட்சம். அறையில் எந்த நேரத்திலும் ஏழெட்டு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். எல்லோரையும் 9:30-க்கு வரவழைத்து டோக்கன் கொடுக்கும் வழக்கத்தை நான் ஏன் வெறுக்கிறேன் என்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு குழுவின் ஆடிஷனில் நான் கதவருகே நின்றேன். ஒரு பெண், இருபது வயது இருக்கும், காலையில் முதல் ஆளாக வந்து ஓரமாக நின்று குரலைத் தயார்செய்துகொண்டார். டோக்கன் எண்கள் ஏதோ குழப்பத்தில் மாறிப்போய் அவருடைய முறை மதியத்துக்குப் போய்விட்டது. நடுவில் இன்னும் இரண்டு முறை குரலைத் தயார்செய்தார். கையிலிருந்த வசனத் தாளை மடித்து மடித்து, மடிப்பில் இருந்த ஒரு வரியே அழிந்துபோயிருந்தது. மூன்றரை மணி நேரம் கழித்து அவர் உள்ளே போனபோது குரல் கம்மிவிட்டது. காலையில் ஓரத்தில் அவர் பேசியதை நான் கேட்டிருந்தேன். தேர்வுக்குழு கேட்டது அதை இல்லை.

அறையில் ஓர் ஆள், கதவருகே ஓர் ஆள். இரண்டு பேர் இதற்கென்றே வேண்டும். அறையில் இருப்பவர் வருகையைக் குறித்து, தாளில் பெயரும் எண்ணும் சரிதானா என்று பார்த்து, இப்போது எந்த அணி நடக்கிறது, எவ்வளவு தாமதம் என்று பலகையில் எழுதி வைப்பார். எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிட்டால் மனிதர்கள் பொறுமையாக இருப்பார்கள். ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் எரிச்சல். கதவருகே இருப்பவர் எப்போதும் ஒருவரை முன்கூட்டியே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்: ஒருவர் உள்ளே, ஒருவர் நாற்காலியில், அதற்கடுத்தவர் கையில் தாளோடு தயார். இந்த நாற்காலி ஒன்றே ஆளுக்கு அரை நிமிடத்துக்கு மேல் மிச்சப்படுத்தும். ஆனால் நாற்காலி கதவை ஒட்டி இருக்கக் கூடாது. உள்ளே பேசுவது வெளியே கேட்டால், அடுத்தவர் தன்னை அறியாமலே அதே தொனியைப் பிடித்துக்கொள்வார், அல்லது பயந்துபோவார். முடித்தவர் வெளியேற வேறு கதவு இருந்தால் நல்லது. இல்லையென்றால் அவர் காத்திருப்பவர்கள் நடுவில் வந்து நிற்பார், "எப்படிப் போச்சு? என்ன கேட்டாங்க?" என்று எல்லோரும் சூழ்ந்துகொள்வார்கள்.

வரிசை எப்படிப் போடுவது? பதிவுப் படிவத்திலேயே காலையா மதியமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலை, பயணம், வீட்டில் சிறு குழந்தை என்று உண்மையான காரணம் பலருக்கு இருக்கும். அந்த விருப்பத்துக்குள் குலுக்கல் போட்டு எண் கொடுங்கள். உங்கள் குழுவின் பழைய ஆட்கள் எல்லோரும் முதல் மணி நேரத்தில் வந்துவிடாமல் பரப்பி வையுங்கள். ஒரே பாத்திரத்துக்கு வருபவர்களையும் அடுத்தடுத்து அடுக்க வேண்டாம். ஒரே வயதில், ஒரே மாதிரி, ஐந்து பேர் வரிசையாக வந்தால் மூன்றாவது ஆளிலிருந்து முகம் நினைவில் நிற்காது.

தாமதமாக வந்தவரை உடனே உள்ளே விடாதீர்கள், திருப்பியும் அனுப்பாதீர்கள். அவருடைய அணி முடியவில்லை என்றால் அந்த அணியின் கடைசியில் போவார். முடிந்துவிட்டால், நேரம் தவறாமல் நடக்கும் ஓர் அணியின் காலி 6 நிமிடத்தில் போவார். அதுவும் இல்லையென்றால் 4:15-க்கு. நேரத்துக்கு வந்தவர் யாரும் அவருக்காகப் பின்னால் தள்ளப்படக் கூடாது. பதிவு செய்தும் வராதவர்கள் சிலர் எப்போதும் இருப்பார்கள். அந்த நேரம் தானாகவே காலி நேரத்தோடு சேர்ந்துகொள்ளும். வரமாட்டார்கள் என்று நம்பிக் கூடுதலாக ஆள் போட வேண்டாம்.

முதலில் வருவதும் கடைசியில் வருவதும் ஒன்றில்லை என்பதையும் தேர்வுக்குழு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெல்ஜியத்தின் ராணி எலிசபெத் இசைப் போட்டியின் பியானோ, வயலின் பிரிவுகளில் இறுதிச் சுற்றுக்கு வரும் 12 பேர், நாளுக்கு இருவராக 6 நாள் வாசிப்பார்கள். வரிசை குலுக்கலில் வருவது. அந்தப் போட்டியின் பல வருட முடிவுகளை எடுத்து 1996-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் நாள் வாசித்தவர்கள் பின்தங்குவதையும் பிந்தைய நாட்களில் வாசித்தவர்களுக்கு இடம் நன்றாக அமைவதையும் காட்டியது. குலுக்கலில் வந்த வரிசைக்கும் திறமைக்கும் சம்பந்தம் இருக்க முடியாது. நாடக ஆடிஷனிலும் இது நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். காலை முதல் அணி வரும்போது அன்றைய உயரம் என்ன என்று யாருக்கும் தெரியாது, அதனால் கையை இறுக்கிப் பிடித்தே மதிப்பெண் போடுவோம். ஆகவே முதல் சுற்றில் மதிப்பெண்ணே போடாதீர்கள். "பார்க்க வேண்டும்", "யோசிக்கலாம்", "வேண்டாம்" என்ற மூன்றில் ஒன்றையும், பார்த்ததைப் பற்றி ஒரு வரியையும் எழுதுங்கள். "நன்றாக இருந்தது" என்ற வரி மாலையில் பயன்படாது. "அவசரம் வந்ததும் மூச்சு விட்டுப்போகிறது, ஆனால் மாற்றம் சொன்னதும் கண் மாறியது" என்றால் ஆள் நினைவுக்கு வருவார். மதிய இடைவேளைக்குள் முதல் இரண்டு அணிகளின் தாள்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். அனுமதி கேட்டு, எண்ணைக் கையில் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து வைத்தாலும் உதவும். தேர்வு முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

கால்பேக்கை ஏன் அன்றைக்கே வைக்கக் கூடாது? 9:30-க்கு வந்து போனவரை மாலை 5 மணிக்கு மறுபடி வரச் சொல்ல வேண்டும், அல்லது நாள் முழுக்க உட்கார வைக்க வேண்டும். தேர்வுக்குழுவும் 48 பேரைப் பார்த்துக் களைத்திருக்கும். அரங்கு கிடைக்காதே என்று யோசிக்கிறீர்கள் என்றால், கால்பேக்குக்கு மேடை தேவையில்லை. பத்து அடி நடக்க இடமிருக்கும் ஒரு பெரிய அறை போதும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டால், காட்சித் தாளைக் கொடுத்துப் படித்துவரச் சொல்லவும் நேரம் இருக்கும்.

பாத்திரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேர் என்று கூப்பிடுங்கள். அதற்கு மேல் கூப்பிட்டால் முதல் சுற்றில் முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்று பொருள். கால்பேக்கில் தனியாள் நேரம் என்று ஒன்றில்லை, ஜோடிகளுக்குத்தான் நேரம். உங்கள் நாடகத்தில் அப்பா, மகள் என்ற இரண்டு பெரிய பாத்திரங்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் மூன்று மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஜோடியையும் பார்க்க 9 முறை ஆகும். அவ்வளவு தேவையில்லை, ஒவ்வொருவரும் இரண்டு வேறு ஆட்களோடு நடித்தால் போதும். ஒரே ஜோடியில் மட்டும் பார்த்தால், காட்சி எடுபடாமல் போனது யாரால் என்று தெரியாது. முதல் அப்பா முதல் மகளோடு சொதப்பி, இரண்டாவது மகளோடு நன்றாகச் செய்து, அந்த முதல் மகள் மூன்றாவது அப்பாவோடும் சொதப்பினால் விஷயம் விளங்கிவிடும்.

எழுதிப் பார்ப்போம். முதலில் அப்பா 1 மகள் 1, பிறகு 2-2, 3-3. அடுத்த சுற்றில் அப்பா 1 மகள் 2, பிறகு 2-3, 3-1. மொத்தம் 6 முறை. இந்த வரிசையில் யாரும் அடுத்தடுத்து இரண்டு முறை நடிக்க வேண்டியதில்லை. நடுவில் குறைந்தது ஒரு ஜோடியாவது வரும், இயக்குநர் சொன்னதை யோசித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். 4 நிமிடக் காட்சி, இயக்குநர் பேச 2 நிமிடம், ஒரு பகுதியை மறுபடி செய்ய 3 நிமிடம், ஆள் மாற 1 நிமிடம், ஆக ஜோடிக்கு 10 நிமிடம். 6 ஜோடிக்கு ஒரு மணி நேரம். அதன் பின் அரை மணியை எழுதாமல் விடுங்கள். விடுபட்ட மூன்று ஜோடிகளில் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை கட்டாயம் வரும், நடிக்கப் போகும் ஜோடி பல முறை அந்த மூன்றில் ஒன்றாகவே இருந்திருக்கிறது. இவர்களிடம் ஒன்றரை மணி நேரம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மற்றப் பாத்திரக்காரர்களை அந்த ஒன்றரை மணி நேரம் முடிந்த பிறகு வரச் சொன்னால் போதும். ஒருவரையே இரண்டு பாத்திரத்துக்குப் பார்க்கிறீர்கள் என்றால், பெயர்களைக் கீழ்நோக்கியும் நேரத்தைக் குறுக்காகவும் எழுதிக் கட்டம் போடுங்கள். ஒரே நேரத்தில் அவர் இரண்டு காட்சியில் மாட்டுகிறாரா என்பது பார்த்தவுடன் தெரியும்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவரும் வெளியேறும்போது சொல்ல வேண்டிய இரண்டு விஷயம் இருக்கிறது. செவ்வாய் இரவுக்குள் எல்லோருக்கும் செய்தி வரும், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். அப்புறம், சிறிய பாத்திரங்களை முதல் சுற்றிலேயே முடிவு செய்துவிடுவீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். கால்பேக் வரவில்லை என்றாலே வாய்ப்பில்லை என்று நினைத்து, நீங்கள் பாத்திரம் ஒதுக்கி வைத்திருக்கும் ஒருவர் அதற்குள் வேறு நாடகத்துக்குச் சரி சொல்லிவிடுவார்.